இப்போது வாங்கிப் பிறகு செலுத்தும் கடன்: கலைச்சொல் வேண்டல்

பூங்குழலி எழுதியது:

அன்புடையீர்,

நிதியியல் சொற்பட்டியலில் ‘பை நௌ பே லேட்டர்’ எனப்படும் கடன்முறைக்கு ஒரு சொல் வைக்க வேண்டியுள்ளது. வாங்குபவர் விலையில் கால் பங்கை உடனே கொடுத்துவிட்டு, மீதியை இரண்டு வாரங்களுக்கு ஒன்றாக மூன்று தவணைகளில் வட்டியின்றிச் செலுத்தும் வடிவத்தையே இங்கு எடுத்துக்கொண்டேன். ‘பின்செலுத்துக் கடன்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். கடைக்காரர் கடன் நிறுவனத்துக்குத் தரும் கட்டணத்துக்கும் ஒரு சொல் வேண்டும். வட்டி வாங்காத நிறுவனம் எதைக்கொண்டு நடக்கிறது என்பதையும் விளக்கக் குறிப்பில் எழுத வேண்டுமா என்று அறிய விரும்புகிறேன்.

கதிரவன் எழுதியது:

வட்டி என்ற பெயர்தான் இல்லையே தவிர, தாமதக் கட்டணம் என்ற பெயரில் வட்டி வந்துகொண்டுதான் இருக்கிறது. 25 ரூபாய்த் தவணை ஒரு வாரம் பிந்தியதற்கு 7 ரூபாய் வாங்கினால் அது ஒரு வாரத்துக்கு 28 விழுக்காடு. எந்த வட்டிக்கடைக்காரரும் வெளிப்படையாக இப்படிக் கேட்கத் துணிய மாட்டார். தவறுகிறவர்களை நம்பியே இத்தொழில் நடப்பதால் ‘தண்டத் தவணை’ என்றே பெயரிடலாம் என்பது என் கருத்து.

சுந்தரம் எழுதியது:

கதிரவன் சொல்லும் 28 விழுக்காட்டுக் கணக்கு சரி. அதிலிருந்து அவர் எடுத்த முடிவு பாதிதான் சரி. இத்தகைய நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் இருந்தவன் என்பதால், ஒரு விற்பனையைத் தொடக்கம் முதல் முடிவு வரை கணக்கிட்டுக் காட்டுகிறேன். எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்தவை. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

பொருளின் விலை 100 எனவும் கடைக்காரர் விட்டுக்கொடுப்பது 4 எனவும் கொள்வோம். நிறுவனம் கடைக்காரருக்கு 96 கொடுத்து, வாங்கியவரிடமிருந்து அன்றே 25 பெற்றுக்கொள்வதால், அதன் கையிலிருந்து உண்மையில் வெளியே நிற்பது 71 மட்டுமே. இரண்டு வாரம் கழித்து அது 46 ஆகவும், மேலும் இரண்டு வாரம் கழித்து 21 ஆகவும் குறைந்து, 42ஆம் நாள் கடைசித் தவணை வந்ததும் 4 மிஞ்சுகிறது. சராசரியாக 46 என்ற முதல் ஆறு வாரத்தில் 4 ஈட்டிவிட்டுத் திரும்புகிறது. அதே பணம் ஆண்டுக்கு எட்டு முறைக்கு மேல் சுழல்கிறது. செலவுகளைக் கழிக்கும் முன் பார்த்தால் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 75 விழுக்காடு. வாங்கியவர் செலுத்தாத அந்த வட்டியைக் கடைக்காரர் முன்கூட்டியே செலுத்திவிடுகிறார் என்பதே இத்தொழிலின் அடிப்படை.

இனிச் செலவு. நான்கு முறை அட்டையிலிருந்து பணம் எடுப்பதற்கு ஏறக்குறைய 1 போகும். நிறுவனம் தானே 8 விழுக்காட்டு வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தால், 42 நாளுக்கு 0.4 ஆகும். திரும்பாத கடனுக்கு 1.5 என்று வையுங்கள். எஞ்சுவது 1.1 தான், ஊழியர் சம்பளமும் விளம்பரமும் அதிலிருந்துதான் வர வேண்டும். இந்த இடத்தில்தான் தாமதக் கட்டணம் உள்ளே வருகிறது. நூறு பேரில் ஏழு பேர் தலைக்கு 7 கட்டினால், ஒவ்வொரு 100 விற்பனைக்கும் ஏறத்தாழ 0.5 சேர்கிறது. மொத்த வரவில் இது சிறு பங்கு. எஞ்சிய இலாபத்தோடு ஒப்பிட்டால் சிறியது அன்று. வாராக்கடன் 1.5 இலிருந்து 2.5 ஆக ஏறிய ஆண்டில் அந்த 1.1 ஏறக்குறைய மறைந்துவிடும். அப்போது நிற்பது இந்த 0.5 மட்டுமே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாமதக் கட்டணம், கட்டவே முடியாதவரிடமிருந்து வருவதில்லை. அவரிடம் அசலே வராது. சம்பள நாளுக்கும் தவணை நாளுக்கும் இடையில் சிக்கிக்கொண்டு, சில நாள் பிந்தியேனும் கட்டிவிடுகிறவர்தான் அதைத் தருகிறார்.

நாச்சியார் எழுதியது:

நான் இணையத்தில் ஆடை விற்கிறேன். இந்த முறையைச் சேர்த்த பின் சராசரி விற்பனைத் தொகை கூடியது உண்மை. திரும்பி வரும் ஆடைகளும் கூடின. திரும்பிய விற்பனைக்கு விழுக்காட்டுக் கட்டணத்தைத் திருப்பித் தந்தார்கள், ஆனால் ஒவ்வொரு விற்பனைக்கும் தனியாகப் பிடிக்கும் நிலையான தொகை திரும்பவில்லை. முன்பு அட்டையில் வாங்கிக்கொண்டிருந்தவர்களே இப்போது இதில் வாங்குகிறார்கள் என்ற ஐயமும் எனக்கு இருக்கிறது. அப்படியானால் யாருக்காக நான் 4 தருகிறேன் என்று தெரியவில்லை.

அன்புச்செல்வன் எழுதியது:

இதற்கு ஏன் புதுச்சொல்? கடன் அட்டைத் தவணை என்று ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே.

சுந்தரம் எழுதியது:

அன்புச்செல்வன் அவர்களுக்கு: கடன் அட்டைத் தவணையில் வங்கி ஒருவருக்கு முன்னரே வரம்பு கொடுத்திருக்கிறது. இங்கே ஒவ்வொரு விற்பனைக்கும் தனிக்கடன். பணம் கட்டும் பக்கத்தில் சில நொடிகளில் முடிவாகிறது.

நாச்சியார் அம்மாவின் ஐயத்துக்குக் கணக்கால் விடை காணலாம். அட்டைக்கு 2, இதற்கு 4, விற்பனையில் மொத்த இலாபம் 40 என்று வைப்போம். எப்படியும் வாங்கியிருக்கக்கூடியவர் ஒவ்வொருவராலும் உங்களுக்கு 2 நட்டம்; இது இல்லாவிட்டால் வாங்கியே இருக்கமாட்டார் என்பவர் ஒவ்வொருவராலும் 36 வரவு. நூறு பேரில் ஆறு பேர் புதியவராக இருந்தாலே நீங்கள் தப்பிவிடுவீர்கள். மொத்த இலாபம் 10 மட்டுமே உள்ள பொருளுக்கு அதே கணக்கில் 25 பேர் புதியவராக வேண்டும். ஆடையும் அழகுப் பொருளும் விற்கும் கடைகள் இதில் முந்தியதற்குக் காரணம் இதுவே. ஆனால் திரும்பி வரும் ஆடைகளை இதில் நான் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்தால் உங்கள் ஆறு எத்தனையாகும் என்பதை உங்கள் விற்பனைப் பதிவுதான் சொல்லும்.

அமெரிக்காவின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2022இல் ஐந்து நிறுவனங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில், ஒவ்வொரு 100 டாலர் கடனுக்கும் எஞ்சியது 2020இல் 1.27 டாலராகவும் 2021இல் 1.01 டாலராகவும் இருந்தது. அதே காலத்தில் ஒரு முறையேனும் தாமதக் கட்டணம் விதிக்கப்பட்டவர்கள் 7.8 விழுக்காட்டிலிருந்து 10.5 ஆக உயர்ந்தனர்.

கதிரவன் எழுதியது:

அப்படியென்றால் என் ‘தண்ட’த்தை விட்டுவிடுகிறேன், ஆனால் ‘கடன்’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்நாட்டுச் சட்டத்தில் கட்டணம் ஏதுமற்ற கடன், நான்கு தவணைகளுக்கு மேல் போனால்தான் வெளிப்படுத்தல் விதிகளுக்குள் வரும் என்று வரையறை இருந்ததால்தான் இவர்கள் நான்கோடு நிறுத்தினார்கள் என்று நினைக்கிறேன். விளம்பரங்களில் ‘பணம் செலுத்தும் வழி’ என்றே சொல்லிக்கொள்கிறவர்களுக்கு நாமும் துணை போகக் கூடாது.

பூங்குழலி எழுதியது:

‘பின்செலுத்துக் கடன்’ என்பதையே இப்போதைக்குப் பட்டியலில் இடுகிறேன். விளக்கக் குறிப்பில், வட்டியின் இடத்தைக் கடைக்காரர் தரும் கட்டணம் நிரப்புகிறது என்ற வாக்கியத்தைச் சேர்த்து, தாமதக் கட்டணத்தை இரண்டாம் வரவாகக் குறிப்பேன். கடைக்காரர் கட்டணத்துக்கு ‘வணிகர் கழிவு’ என்று சுந்தரம் ஐயா தனி மடலில் சொன்னார். மொத்த வணிகத்தில் ‘கழிவு’ விலைக்குறைப்பைக் குறிப்பதால் பொருத்தம்தான். ஆனால் பொது வாசகர் அதைக் குப்பை என்று படிப்பாரோ என்று தயங்குகிறேன். ‘வணிகர் விட்டுத்தொகை’ நீளமாக இருக்கிறது. நாச்சியார் அம்மா, உங்களுக்கு வரும் தீர்வுக் கணக்கில் அந்த 4ஐ எந்தத் தலைப்பில் கழிக்கிறார்கள் என்று பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.