உயில் இல்லாத சொத்து: தாய்க்குப் பங்கு உண்டு, தந்தைக்கு ஏன் இல்லை?

சேரன்மகாதேவி அண்ணன்

என் தங்கையின் கணவர் சென்ற ஆண்டு உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். நாங்கள் இந்துக்கள். தங்கைக்குப் பள்ளியில் படிக்கும் மகள் ஒருத்தியும் மகன் ஒருவனும் இருக்கிறார்கள். அவருடைய தாயும் தந்தையும் உயிருடன் உள்ளனர். கூடப் பிறந்த அண்ணன் ஒருவரும் அக்காள் ஒருவரும் உண்டு. அவர் தம் சம்பளத்தில் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒரு ஏக்கர் நஞ்சை வாங்கியிருந்தார். வங்கியில் 12 லட்சம் ரூபாய் வைப்புத் தொகை இருக்கிறது. அதற்குத் திருமணத்துக்கு முன்பே தாயாரை நாமினியாகப் போட்டிருக்கிறார். யாருக்கு எவ்வளவு சேரும்?

பாளை ஓய்வூதியர்

இதில் குழப்பத்துக்கே இடமில்லை. என் தம்பி இறந்தபோது தாசில்தார் அலுவலகத்தில் வாங்கிய வாரிசுச் சான்றிதழில் மனைவி, பிள்ளைகள், தாய், தந்தை என எல்லோருடைய பெயரும் இருந்தது. உங்கள் குடும்பத்தில் ஐந்து பேர். ஆகவே ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. வைப்புத் தொகை மட்டும் இதில் சேராது. நாமினி யாரோ அவருக்கே அது முழுவதும் போகும்.

அம்பை பத்திர எழுத்தர்

அண்ணாச்சி சொல்வதில் ஒன்று சரி: சான்றிதழில் தந்தையின் பெயர் இருக்கலாம். ஆனால் அந்தச் சான்றிதழ் இறந்தவருக்கு இன்னார் இன்ன உறவு என்று காட்டுவதோடு நின்றுவிடுகிறது. யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும் அதிகாரம் தாசில்தாருக்கு இல்லை. பங்கைத் தீர்மானிப்பது 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். அதன் 8-ஆம் பிரிவின்படி முதல் வகுப்பு வாரிசுகள் இருக்கும்வரை இரண்டாம் வகுப்பினருக்கு எதுவும் போகாது. மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் முதல் வகுப்பில் இருக்கிறார்கள். தந்தை இரண்டாம் வகுப்பில் வைக்கப்பட்டிருக்கிறார். ஆகவே இங்கே பங்காளிகள் நான்கு பேர். நான்கும் சம பங்கு. நூறு சென்ட் நஞ்சையில் தங்கைக்கு 25, மகளுக்கு 25, மகனுக்கு 25, தாயாருக்கு 25 சென்ட். மகளுக்கு மகனைவிட ஒரு சென்ட்கூடக் குறையாது.

வைப்புத் தொகையைப் பொறுத்தவரை, வங்கி நாமினியிடம் பணத்தைக் கொடுத்துவிட்டால் வங்கியின் பொறுப்பு முடிந்துவிடும், அவ்வளவுதான். வாங்கியவர் அதை வாரிசுகள் எல்லோருக்காகவும் வைத்திருக்கிறார், சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. 2010-இல் உச்ச நீதிமன்றம் வங்கி வைப்புத் தொகை பற்றியே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எனவே தாயார் கைக்கு 12 லட்சம் வந்தாலும் அதில் 3 லட்சம்தான் அவருடையது.

நாசரேத் ஆசிரியை

எழுத்தர் ஐயா சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. என் தந்தை காலமானபோது பாட்டி எங்களுடனேதான் இருந்தார். அவருக்கு எந்தப் பங்கும் வரவில்லை. அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கும், மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளாகிய எங்களுக்குச் சமமாகவும் வந்தன. நீதிமன்றத்திலேயே அப்படித்தான் முடிந்தது. பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்குப் பங்கு என்பது எங்கிருந்து வருகிறது?

அம்பை பத்திர எழுத்தர்

உங்கள் குடும்பத்துக்கு நடந்ததும் சரியே, சகோதரி. கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும்; அதில் பிள்ளைகள் இருந்தால் பெற்றோர் இருவருக்குமே பங்கு கிடையாது. இதே குடும்பம் மேலப்பாளையத்து இஸ்லாமியக் குடும்பமாக இருந்தால், மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, தந்தைக்கும் ஆறில் ஒன்று போக, மீதியில் மகனுக்கு இரண்டு மகளுக்கு ஒன்று என்று வரும். ஒரே ஆற்றுப் பாசனத்தில் பக்கத்துப் பக்கத்து வயல்களுக்கு மூன்று கணக்கு. கேட்டவர் இந்து என்று சொல்லியிருப்பதால் நான்கில் ஒன்று என்ற கணக்கே இங்கே செல்லும்.

வீரவநல்லூர் மகள்

கணக்கு சரியாக இருக்கலாம். அது நியாயமா என்று கேட்கிறேன். கணவனை இழந்தவள் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டும். மாமியாருக்கோ கணவரும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். எனக்கு இது நடந்தது. என் மாமியார் இருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை. அறுவடை நெல்லைக்கூட எங்கள் வீட்டிலேயே இறக்கிவிடுவார். அவர் காலமான பிறகுதான் கணவரின் அண்ணன் வந்து, “அம்மா பங்கில் எனக்கும் உண்டு” என்று எங்கள் வயலின் வரப்பில் நின்றார். என் கணவர் வாங்கிய நிலத்தில் அவருக்கு எப்படிப் பங்கு வந்தது என்று இன்றுவரை எனக்கு மனம் ஒப்பவில்லை.

அம்பை பத்திர எழுத்தர்

அம்மா, நீங்கள் சொன்ன இடத்தில்தான் பெரும்பாலான குடும்பங்கள் சிக்குகின்றன. ஆகவே கேட்டவரின் தங்கையை வைத்தே இதைச் சொல்லிவிடுகிறேன்.

தாயாருக்கு வரும் 25 சென்ட் அவருடைய முழு உரிமையான சொத்து. அவர் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம், விற்கலாம். ஒன்றும் எழுதாமல் காலமானால், பெண்ணின் சொத்துக்கு உரிய 15-ஆம் பிரிவு வந்து நிற்கும். அதன்படி அவருடைய பிள்ளைகள், இறந்த பிள்ளையின் குழந்தைகள், கணவர் ஆகியோர் சேர்ந்து வாரிசாவார்கள். இங்கே மூத்த மகன், மகள், கணவர், இறந்த மகனின் குழந்தைகள் என நான்கு கூறுகள். ஒவ்வொரு கூறுக்கும் ஆறேகால் சென்ட். குழந்தைகள் இருவரும் தங்கள் அப்பாவின் ஒரு கூறைப் பிரித்துக்கொள்வதால் ஆளுக்கு மூன்றே அரைக்கால் சென்ட். முதலில் ஒன்றும் கிடைக்காத தந்தை மனைவி வழியாக ஆறேகால் சென்டுக்கு உரியவராகிறார். மருமகளுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. மாமியார் சொத்தில் இறந்த மகனின் மனைவியை அந்தப் பிரிவு சேர்க்கவில்லை.

மாமனார் தம் சுய சம்பாத்தியத்தை உயில் எழுதாமல் விட்டுச் சென்றால் நிலைமை வேறு. அங்கே இறந்த மகனின் மனைவியும் முதல் வகுப்பு வாரிசு. அந்த மகனுக்கு உரிய ஒரு கூறைத் தங்கையும் இரண்டு பிள்ளைகளும் மூன்றாகப் பிரித்துக்கொள்வார்கள். மாமனார் உயிருடன் இருக்கும்வரை அவருடைய சொந்தச் சொத்தில் யாருக்கும் உரிமை இல்லை.

பாளை ஓய்வூதியர்

சட்டம் அப்படி இருந்தால் அது தந்தைக்குச் செய்யும் அநீதி. பெற்று வளர்த்து, கடன் வாங்கிப் படிக்கவைத்தவருக்கு ஒரு சென்ட்கூட இல்லை, தாய்க்கு மட்டும் உண்டு என்றால் என்ன நீதி? அந்த நிலத்தை வாங்கும்போது தந்தையும் பணம் போட்டிருந்தால்?

சேரன்மகாதேவி அண்ணன்

அதையும் சொல்லிவிடுகிறேன். கிரயப் பத்திரம் கணவர் பெயரில் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் 3 லட்சம் தாம் கொடுத்ததாக மாமா இப்போது சொல்கிறார். எழுத்தில் எதுவும் இல்லை.

அம்பை பத்திர எழுத்தர்

பணம் கொடுத்தார் என்பதாலேயே அவர் நிலத்தின் பங்குதாரர் ஆகிவிட மாட்டார். அது மகனுக்குக் கொடுத்த அன்பளிப்பா, திரும்பத் தர வேண்டிய கடனா, குடும்பச் சொத்தை விற்ற பணமா என்பதைச் சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். கடன் என்று நிரூபித்தால் அது சொத்திலிருந்து தீர்க்க வேண்டிய கடனாகும். பூர்விக நிலத்தை விற்ற பணம் என்று நிரூபித்தால் இது சுய சம்பாத்தியம் என்பதே கேள்விக்குள்ளாகி, நான் மேலே போட்ட கணக்கு முழுவதும் மாறிவிடும். அந்த ஆண்டில் மாமா ஏதேனும் நிலம் விற்றிருக்கிறாரா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வங்கிக் கணக்கையும் பாருங்கள். இப்போதைக்கு இதில் முடிவு சொல்ல என்னால் முடியாது.

அண்ணாச்சி கேட்ட நீதிக்குச் சட்டத்தில் ஓரளவு பதில் இருக்கிறது. பங்கு கிடைக்காத தந்தை, தம் வருமானத்தாலும் சொத்தாலும் தம்மைப் பராமரித்துக்கொள்ள இயலாதவராக இருந்தால், மகனின் சொத்தை அடைந்தவர்களிடம் அந்தச் சொத்திலிருந்து ஜீவனாம்சம் கேட்கலாம். இது 1956-ஆம் ஆண்டின் இந்து தத்து, ஜீவனாம்சச் சட்டத்தில் இருக்கிறது. ஓய்வூதியம் வாங்கும் தந்தைக்கு இது எளிதில் கிடைக்காது.

பாளை ஓய்வூதியர்

ஜீவனாம்சம் வேறு, உரிமை வேறு. கேட்டு வாங்குவதை நான் பங்காக எண்ண மாட்டேன். இன்னொன்றும் சொல்கிறேன்: நாளை அந்தப் பெண் மறுமணம் செய்துகொண்டால் அவளுக்கு வந்த பங்கு திரும்பிவிடும் என்பார்கள்.

அம்பை பத்திர எழுத்தர்

திரும்பாது. கணவர் இறந்த நொடியிலேயே அந்தப் பங்கு அவருக்கு வந்து சேர்ந்துவிட்டது. மறுமணம் செய்த சில விதவைகளை வாரிசுரிமையிலிருந்து விலக்கிய 24-ஆம் பிரிவும் இறந்தவரின் சொந்த மனைவியைத் தொட்டதில்லை. அந்தப் பிரிவே 2005-இல் நீக்கப்பட்டுவிட்டது.

வீரவநல்லூர் மகள்

அப்படியென்றால் தங்கை இப்போதே மாமியாரிடம் பேசி அந்த 25 சென்டை எழுதி வாங்கிவிட வேண்டும். என்னைப் போல் காத்திருக்க வேண்டாம்.

நாசரேத் ஆசிரியை

மகனை இழந்த தாயிடம் ஓராண்டுக்குள் கையெழுத்துக் கேட்பதா? எங்கள் வழக்கத்தில் பாட்டிக்குப் பங்கு இல்லாதது அவரை எவ்வளவு வருத்தியது என்று நான் பார்த்திருக்கிறேன். சட்டம் கொடுத்ததை அவரிடமே விட்டுவிடுவதுதான் நல்லது.

சேரன்மகாதேவி அண்ணன்

அத்தை தாமாகவே பேரப்பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுப்பதாக ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் சொல்லியிருக்கிறார். மாமாவுக்கு அதில் விருப்பம் இல்லை. வாய்ச்சொல் போதுமா?

அம்பை பத்திர எழுத்தர்

போதாது. ஊர்க் கூட்டத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்ட தாளும் போதாது. பங்கை விட்டுக்கொடுப்பது விடுதலைப் பத்திரமாக எழுதப்பட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். அவருடைய சொத்து என்பதால் கணவரின் சம்மதம் தேவையில்லை. கையெழுத்துப் போட அவருக்கு மனம் வராவிட்டால், தம் காலத்துக்குப் பிறகு அந்த 25 சென்ட் பேரப்பிள்ளைகளுக்குச் சேர வேண்டும் என்று உயில் எழுதிவைக்கலாம். உயிரோடிருக்கும்வரை நிலம் அவர் கையிலேயே இருக்கும். உயிலை அவர் பின்னால் மாற்றவும் முடியும் என்பதைத் தங்கை அறிந்திருக்க வேண்டும்.

இரண்டு வழிகளில் எது நடந்தாலும், பிள்ளைகளின் பங்கில் எச்சரிக்கையாக இருங்கள். தாய் இயற்கைக் காப்பாளர் என்றாலும், மாவட்ட நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் பிள்ளைகளின் 50 சென்டை விற்கக் கூடாது. அப்படி விற்றால் பிள்ளைகள் 18 வயது நிரம்பிய பின் மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டு அந்தக் கிரயத்தை ரத்து செய்யலாம். வாங்குகிறவரின் வழக்கறிஞர் முதலில் கேட்பதும் அந்த அனுமதி உத்தரவைத்தான். இப்போதைக்குப் பட்டாவை நான்கு பேர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றிவைத்தால் போதும். தந்தையின் பெயரையும் சேர்த்து விண்ணப்பித்துவிட்டால் பின்னால் அதை நீக்கவே ஒரு வழக்கு நடத்த வேண்டிவரும்.

பாளை ஓய்வூதியர்

தந்தை பெயரைச் சேர்க்கத்தான் வேண்டும் என்று நான் இன்னும் சொல்கிறேன். அந்த 3 லட்சத்துக்கு ஒரு முடிவு தெரியும்வரையாவது பட்டாவில் கை வைக்காமல் இருங்கள்.

சேரன்மகாதேவி அண்ணன்

வில்லங்கச் சான்றுக்கு இன்றே மனுப் போடுகிறேன். மாமா நிலம் விற்ற பதிவு ஏதேனும் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.