புதுப்பிப்பு: ஆறு வாரத் தாள் கணக்கு முடிந்தது

முன்பு நான் கேட்டது: "என் கால்பந்துப் பந்தய மாடலைப் பணம் போடாமல் ஆறு வாரம் ஓட்டப்போகிறேன். முடிவில் எதை எதோடு ஒப்பிடுவது?"

பிரீமியர் லீக்கில் 84 பந்தயம், தலா 1 யூனிட், விலை எல்லாம் 2.00 பக்கம், அதாவது வென்றால் 1 யூனிட் 2 ஆகத் திரும்பும். லாபம் 9 யூனிட். "அப்புறம் என்ன தம்பி, இறங்கு" என்றார் பிரிக்பீல்ட்ஸ் நண்பர். ஆனால் இந்த விலையில் 84 பந்தயத்துக்கு வெறும் அதிர்ஷ்டமே 9 யூனிட் மேலேயோ கீழேயோ தள்ளிவிடும்.

அதனால் செந்தூல் அண்ணன் சொன்னபடி, குறித்த விலையை ஆட்டம் தொடங்கும்போதுள்ள கடைசி விலையோடு ஒப்பிட்டேன். ஓர் ஆட்டத்தில் நான் குறித்தது 2.04, கடைசியில் இரு பக்கமும் 1.95. 4.6% முன்னிலை போலத் தெரிந்தது. புக்கியின் பங்கைக் கழித்தால் நியாய விலை 2.00, முன்னிலை 2% தான்.

பெரிய தவறு வேறு. நான் குறித்தது காலை விலை. வேலை முடிந்து வீடு வந்து இரவு 9 மணிக்குத்தான் என்னால் பந்தயம் போட முடியும். ஸ்கிரிப்ட் மணிக்கொரு முறை விலையைச் சேமித்திருந்ததால் 9 மணி விலையில் மறுபடி கணக்கிட்டேன். சராசரி முன்னிலை 1.8% இலிருந்து 0.3% ஆகிவிட்டது.

குதிரைப் பந்தய டோட்டுக்கும் இது சரிவருமா என்று ஒரு மாமா கேட்டார். வராது மாமா, அங்கே எல்லோருக்கும் கிடைப்பதே கடைசி விலைதான்.

பணம் இன்னும் போடவில்லை. 9 மணி விலையில் இன்னும் எட்டு வாரம் ஓட்டுகிறேன். அது போதாது, 300 பந்தயமாவது வேண்டும் என்கிறார் அண்ணன்.