சாய்வு பிளஸ், பையன் சொன்னது மைனஸ்: படம் தொட்டுக் கணக்கு சொல்லிக் கொடுத்த அனுபவங்கள்

கணக்கு டீச்சர்
என் கிளாஸ்ல பார்வை இல்லாத பையன் ஒருத்தன் இருக்கான், பத்தாவது. படத்துக்கெல்லாம் நானே வழி பண்ணிக்கிட்டேன், தடிமனான பிரெய்ல் பேப்பர், அடியில ரப்பர் மேட், டெய்லர் துணியில குறி போட வச்சிருப்பாங்களே பல்லு வச்ச சக்கரம், அதை ஓட்டினா மறுபக்கம் புள்ளி புள்ளியா கோடு எழும்பிடும். முக்கோணம், வட்டம்னு ரெண்டு வாரம் ஜோரா போச்சு. அப்புறம் y = 2x + 1 போட்டேன். (0, 1), (1, 3), (2, 5) வழியா கோடு, ஆதிப்புள்ளியில ஒரு பொட்டு ஸ்டிக்கர், அவ்வளவுதான். தடவிப் பார்த்துட்டு "டீச்சர், வலது பக்கம் போகப் போக இறங்குதே, சாய்வு மைனஸா?"ங்கிறான். நான் என்னடான்னா சாய்வு ரெண்டு, ஒழுங்கா தொட்டுப் பாருன்னு அதட்டிட்டேன். வீட்டுக்குப் போய் அந்த ஷீட்டைத் திருப்பிப் பார்த்தப்பதான் உறைச்சுது, நான் பின்பக்கம் இருந்து வரைஞ்சதால அவன் கைக்கு அப்படியே கண்ணாடி பிம்பமா போயிருக்கு. முக்கோணமெல்லாம் ரெண்டு பக்கமும் சமமா இருந்ததால அதுவரைக்கும் மாட்டிக்கல. இது யாருக்காவது நடந்திருக்கா?

ஒரு அம்மா
என் பொண்ணுக்கு கொஞ்சம் பார்வை இருக்கு, கருப்பு மார்க்கர்ல பெருசா வரைஞ்சு குடுத்தா போதும், நீங்களும் அதை ட்ரை பண்ணலாமே மேடம்?

கணக்கு டீச்சர்
இவனுக்கு வெளிச்சம் கூட தெரியாதும்மா.

ஜெராக்ஸ் கடைக்காரர்
எதுக்கு இவ்வளவு கஷ்டம், சூடு பட்டா உப்புற ஒரு பேப்பர் வருது, புக்குல இருக்கிற படத்தை அதுல ஜெராக்ஸ் போட்டு ஹீட்டர்ல விட்டா கருப்பு இருக்கிற இடமெல்லாம் எழும்பிடும், திருப்புற பிரச்சனையே இல்ல, வேலை முடிஞ்சுது.

பேங்க்ல வேலை, பிறவியிலேயே பார்வை கிடையாது
அண்ணே பேப்பர் சரி, ஆனா புக்குப் படத்தை அப்படியே போட்டா வேலை முடியாது. கருப்பு எழும்பும்ங்கிறதுதான் வினையே, அச்செழுத்தும் எழும்பும், ஷேட் பண்ண இடமும் எழும்பும், என் விரலுக்கு அது எல்லாம் சொரசொரன்னு ஒரே மேடுதான். ரெண்டு கோட்டுக்கு நடுவுல குறைஞ்சது 3 மில்லிமீட்டராவது இடைவெளி இல்லன்னா ஒண்ணா கலந்துடும். கனசதுரம் படம்னு ஒண்ணு குடுப்பாங்க பாருங்க, எனக்கு அது ரெண்டு சதுரம் ஒண்ணு மேல ஒண்ணு சரிஞ்ச மாதிரிதான் தெரியும், அதுக்கு ஒரு சோப்பு டப்பாவைக் கையில குடுத்துடலாம்.

டீச்சர், சக்கரத்தையே வச்சுக்கணும்னா பேனாவுல நேரா வரைஞ்சுட்டு, ஜன்னல் கண்ணாடியில வெளிச்சத்துக்கு நேரா திருப்பி ஒட்டி, பின்னாடி தெரியுற கோட்டைப் பேனாவுல எடுத்துக்கிட்டு, அப்புறம் ரப்பர் மேட் மேல வச்சு அந்தக் கோட்டுல சக்கரத்தை ஓட்டுங்க. இல்ல, ரப்பர் போர்டு மேல மெல்லிசான பிளாஸ்டிக் ஷீட் வச்சு பால்பாயிண்ட்ல கீறினா வரைஞ்ச பக்கமே கோடு எழும்பும், அப்போ பையனும் தானே வரையலாம்.

அதைவிட முக்கியம், ஷீட்டைக் கையில குடுக்கும்போது என்ன சொல்றீங்கங்கிறது. "இதோ பாரு, இப்படிப் போகுது"ன்னா எப்படிப் போகுது? முதல்ல முழுசா சொல்லுங்க, தாள் நெட்டுவாக்குல இருக்கு, நடுவுல ரெண்டு அச்சு வெட்டிக்குது, ஒரே ஒரு நேர்கோடு, கீழ் இடதுல இருந்து மேல் வலதுக்கு ஏறுதுன்னு. இப்படிச் சொல்லியிருந்தா அன்னிக்கே அவன் "இல்ல டீச்சர், மேல் இடதுல இருக்கு"ன்னு பிடிச்சிருப்பான். அதுக்கப்புறம் இடது கையை ஆதிப்புள்ளியில வச்சுக்கிட்டு வலது கையால கோட்டுல போகச் சொல்லுங்க, அந்தப் பொட்டை விட்டுட்டா மறுபடி மொதல்ல இருந்துதான்.

வாசிச்சுக் காட்டப் போற காலேஜ் பையன்
படம் இல்லாமலே நான் சொதப்பினேன். "மூணு பை எக்ஸ் பிளஸ் ரெண்டு ஈக்வல் டு ஒண்ணு"ன்னு படிச்சேன், அண்ணன் x = -3ன்னு சொன்னார், ஆன்சர்ல 1. தப்புன்னுட்டேன். அப்புறம் பார்த்தா புக்குல இருந்தது 3/(x + 2) = 1, அவர் காதுல விழுந்தது 3/x + 2 = 1, அதுக்கு -3 கரெக்ட் தானே. இப்போ "பின்னம் ஆரம்பம், மேல மூணு, கீழ எக்ஸ் பிளஸ் ரெண்டு, பின்னம் முடிஞ்சுது"ன்னு படிக்கிறேன், இழுவையா இருக்குன்னு திட்டுறார், ஆனா மாத்த விடமாட்டேங்கிறார்.

கணக்கு டீச்சர்
ஜன்னல் ஐடியா வேலை செஞ்சுது, பையன்கிட்ட சாரியும் சொல்லிட்டேன். இப்போ வேற தகராறு. கட்டம் போட்டுக் குடுத்தா கட்டத்துக்குள்ள கோடு தொலைஞ்சு போகுது, கட்டம் இல்லாம குடுத்தா (2, 5) எங்கன்னு எப்படிப் படிக்கிறதுன்னு கேக்குறான்.

பேங்க்ல வேலை
கட்டத்தை மட்டும் பையன் தொடுற பக்கத்துல இருந்து அழுத்துங்க, விரலுக்கு லேசான பள்ளமா தெரியும், கோடு மட்டும் மேடா நிக்கும். எனக்கு அது ஒத்து வந்துச்சு, என் கூட படிச்சவனுக்கு சுத்தமா பிடிக்கல, அச்சுல மட்டும் சின்ன வெட்டு வெட்டா இருந்தா போதும்பான். ரெண்டு ஷீட்டும் குடுத்து பையனையே கேளுங்க.