கரண்ட் போன தெருவும் ஒரு கவிதையும்

மாடிப்படி
2012 அக்டோபர். காற்றாலை சீசன் முடிந்து, மதுரையில் ஒரு மணி நேரம் கரண்ட், ஒரு மணி நேரம் இருட்டு என்று ஓடிய நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் தெருவை வைத்து ஒன்று எழுதி, போன மாதம் ஒரு கூட்டத்தில் வாசித்தேன்.

*ஏழு மணிக்குத் தெரு அணைந்தது*
*எல்லோரும் வாசலுக்கு வந்தோம்*
*முகம் தெரியாத பேச்சு*
*மூன்றாம் வீட்டு அக்கா*
*விசிறியை நிறுத்திவிட்டுச் சாப்டாச்சா என்றாள்*
*கரண்ட் வந்தது*
*ஹேய்ய் என்ற பிள்ளைகளோடு*
*தெருவே உள்ளே போனது*
*படியில் ஓலை விசிறி*

கைதட்டினார்கள். கடைசி வரிசையில் இருந்தவர் எங்கள் பழைய தெருக்காரராம். “தம்பி, உங்க வீட்லதான் இன்வெர்ட்டர் இருந்துச்சே?” என்றார். அவ்வளவுதான் கேட்டார். நான் ஜன்னலோரம் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துதான் அதையெல்லாம் கேட்டேன். ‘வந்தோம்’ என்ற சொல் இன்னும் உறுத்துகிறது.

கருப்பட்டி
கவிதை சரி, தகவல் தப்பு. தெரு முழுக்க எங்கே போகும்? எங்கள் பக்கம் ஒரு ஃபேஸ் போனால் இடது வரிசை இருட்டு, எதிர் வரிசையில் சீரியல் ஓடும். எதிர்வீட்டு டிவியை எங்கள் வாசலில் நின்றே ஒரு எபிசோட் பார்த்திருக்கிறோம்.

செல்லம்மா பேத்தி
கருப்பட்டி, நீங்கள் சொல்வது ஃப்யூஸ் போன கதை. பவர்கட்டில் ஃபீடரையே நிறுத்துவார்கள், இரண்டு வரிசையும்தான் போகும்.

மாடிப்படி, நானும் இதையே எழுதித் தோற்றிருக்கிறேன். என் கவிதையில் இருட்டில் ‘அம்மா சிரித்தாள்’ என்று எழுதியிருந்தேன், யார் பார்த்தது? அப்புறம் கரண்ட் வரும்வரை கண்ணால் பார்த்த எதுவும் வரக்கூடாது என்று அடித்துத் திருத்தினேன். உங்கள் கவிதையில் விசிறி நின்றது நல்ல இடம், ஏனென்றால் அந்தச் சரக் சரக் நின்றால்தான் தெரியும், கேள்வி நமக்கென்று. அதனாலேயே கடைசி வரி வேண்டாம். விசிறியை ஏற்கெனவே கேட்டாயிற்று, மறுபடி காட்டினால் பரிதாபம் தேடுவது போல ஆகிவிடுகிறது.

ரிட்டயர்டு வாத்தியார்
எங்கள் வீட்டிலும் அப்போது இன்வெர்ட்டர்தான், இரண்டே வருடத்தில் பேட்டரி போச்சு. ஒரு மணி நேரம் வந்து ஒரு மணி நேரம் போனால் அது முழுசாகச் சார்ஜ் ஏறவே ஏறாது. தம்பி, டிஸ்டில்டு வாட்டர் மாதாமாதம் பாருங்கள், மிதவை கீழே இறங்கியிருந்தால் ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. ஃபிரிட்ஜை அதில் மாட்டாதீர்கள். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்தால் வெந்நீர் விட்டுத் துடைத்து வாஸ்லின் தடவுங்கள்.

மாடிப்படி
ஐயா, அந்த இன்வெர்ட்டர் இப்போது இல்லை.

செல்லம்மா பேத்தி, கடைசி வரியை எடுத்துவிட்டேன். ‘வந்தோம்’ ‘வந்தார்கள்’ ஆனது. அடுத்த வரியாக ‘என் ஃபேன் ஓடியது’ என்று போட்டேன். ஆனால் இப்போது அக்கா யாரைச் சாப்டாச்சா என்று கேட்டாள் என்பது இடிக்கிறது. ஜன்னலைப் பார்த்துத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை.