புதுப்பிப்பு: மணி வளைவு தொகையீட்டில் எனக்கு π வந்த கதை

நான் கேட்டிருந்தது: "`e^(-x²)`-ஐ முழுக் கோட்டிலும் தொகையிட்டு I எடுக்கிறேன். I²-ஐ x, y இரண்டிலும் இரட்டைத் தொகையீடாக எழுதி போலாருக்கு மாற்றினால் I = π வருகிறது. விடை √π என்கிறார்களே, எங்கே தப்பு?"

தப்பு கிடைத்துவிட்டது. `dx dy`-க்கு வெறும் `dr dθ` போட்டிருந்தேன். அப்போது I² = 2π × I/2, அதாவது I = π. பார்க்க அழகாக இருந்ததால் சந்தேகமே வரவில்லை!

முதலில் பதில் சொன்னவர் "r-ஆல் பெருக்கணும், அது விதி" என்றார். சரிதான், ஆனால் ஏன் என்று சொல்லவில்லை. இன்னொரு அக்கா வளையம் வரையச் சொன்னார். r ஆரத்தில் `dr` அகல வளையத்தின் பரப்பு `2πr dr`. அந்த r வந்ததும் `r e^(-r²)`-இன் தொகையீடு 1/2, ஆக I² = π, I ≈ 1.772.

π தப்பென்று முன்பே பிடித்திருக்கலாம் என்றும் காட்டினார். -1 முதல் 1 வரை பரப்பு 2-ஐத் தாண்டாது. 1-க்கு அப்பால் `e^(-x²)` ≤ `x e^(-x²)`, இரு வால்களும் சேர்ந்து 1/e, சுமார் 0.37-க்குள். மொத்தம் 2.37-க்குள் அடங்க வேண்டியது 3.14 ஆகுமா?

ஒருவர் இயல்நிலைப் பரவல் அட்டவணையில் 1.96-க்கு உள்ள மதிப்பைக் கேட்டார். அது வேறு கணக்கு, 0 முதல் 1.96 வரை இந்த வித்தை ஓடாது. x, y இரண்டும் -R முதல் R வரை ஓடும் சதுரத்தை வட்டமாக்கலாமா என்ற கேள்விக்கு, R ஆர வட்டத்துக்கும் R√2 ஆர வட்டத்துக்கும் நடுவே சதுரம் சிக்குகிறது, R பெரிதாகும்போது இரு வட்டங்களின் மேலான தொகையீடுகளும் π-க்குப் போகின்றன.

`e^(-x⁴)`-க்கு இது ஏன் சுலபமாக வரவில்லை என்று இன்னும் முட்டிக்கொண்டிருக்கிறேன். அங்கே கோணம் விலகிப் போக மறுக்கிறது.