இரும்புக் குண்டைப் போட்டால் கணக்கில் 2.88 செ.மீ., பாத்திரத்தில் 1.7 செ.மீ. எங்கே இடிக்கிறது?

மலர்விழி

வணக்கம். பத்தாம் வகுப்புக்குக் கணிதம் சொல்லித் தருகிறேன். உருளைத் தொட்டியில் கோளத்தைப் போட்டால் நீர்மட்டம் எவ்வளவு உயரும் என்ற கணக்கைக் கரும்பலகையோடு நிறுத்தாமல் கண்முன் செய்து காட்ட ஆசைப்பட்டேன்.

பக்கம் நேராக இறங்கும் பாத்திரம், உள்விட்டம் 20 செ.மீ. அதில் 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர். குண்டெறிதலுக்குப் பயன்படும் இரும்புக் குண்டு, விட்டம் 12 செ.மீ. துணியில் கட்டி மெதுவாக இறக்கினேன். ஒரு சொட்டுத் தண்ணீரும் வெளியே தெறிக்கவில்லை. குண்டின் ஆரம் R, பாத்திரத்தின் உள் ஆரம் r என்றால், கணக்குப்படி உயர்வு:

```
x = 4R³ / (3r²) = (4 × 216) / 300 = 2.88 செ.மீ.
```

ஆனால் அளவுகோலை வைத்துப் பார்த்தால் தண்ணீர் ஏறக்குறைய 6.7 செ.மீ.யில் நிற்கிறது. அதாவது 1.7 செ.மீ.தான் உயர்ந்திருக்கிறது. தண்ணீரை மாற்றிவிட்டுத் திரும்பச் செய்தாலும் அதேதான். ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வருவதை அளவுப் பிழை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கே தவறுகிறேன்?

ரஹீம்

சூத்திரம் சரி. வெளியேற்றப்படும் நீரின் கன அளவு கோளத்தின் கன அளவுக்குச் சமம், அதில் மாற்றமே இல்லை. ஆகவே பாத்திரத்தின் அளவில்தான் கோளாறு இருக்க வேண்டும். பலர் வெளிவிட்டத்தை அளந்துவிடுகிறார்கள், அல்லது பாத்திரம் மேலே போகப் போக அகலமாக இருக்கும். உங்கள் 1.7 செ.மீ.யைச் சூத்திரத்தில் போட்டுப் பின்னோக்கிப் பார்த்தேன். உள்விட்டம் 26 செ.மீ. இருந்தால்தான் அந்த விடை வரும். மறுபடி அளந்து பாருங்கள்.

மலர்விழி

நன்றி ஐயா. விட்டத்தை அளவுகோலால் பார்ப்பதை விட்டுவிட்டு, தண்ணீரையே அளந்து ஊற்றிப் பார்த்தேன். 5 செ.மீ. நிரம்ப 1.57 லிட்டர் பிடித்தது, 10 செ.மீ. நிரம்ப 3.14 லிட்டர். ஆகவே உள்விட்டம் 20 செ.மீ.தான், பக்கமும் நேராகத்தான் இருக்கிறது.

இளங்கோ

டீச்சர், குண்டின் உயரம் 12 செ.மீ. தண்ணீர் 6.7 செ.மீ.யில் நிற்கிறது என்றால் குண்டின் மேற்பாதி கிட்டத்தட்ட முழுதும் வெளியே இருக்கிறதே! அந்தப் பகுதி எந்தத் தண்ணீரையும் தள்ளவில்லை. முழுக் கன அளவை வைத்தால் விடை கூடத்தான் செய்யும்.

தண்ணீர் 5 செ.மீ. ஆழம், எனவே குண்டின் அடியிலிருந்து 5 செ.மீ. வரையுள்ள துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டின் கன அளவு πh²(3R − h)/3. h = 5 என்று போட்டால் 108.3π. அதைப் பாத்திரத்தின் அடிப்பரப்பான 100π-யால் வகுத்தால் உயர்வு 1.08 செ.மீ.

மலர்விழி

தம்பி, குண்டு முழுதும் மூழ்கவில்லை என்பது கண்ணெதிரே இருந்தும் கணக்கோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஆனால் 1.08 என்பதும் பொருந்தவில்லையே. இப்போது விடை குறைந்துவிட்டது.

தேன்மொழி

இளங்கோ சொன்ன காரணம் சரி, பாதியில் நின்றுவிட்டார். அவர் போட்ட கணக்கை அங்கிருந்தே தொடரலாம்.

குண்டின் அடியில் 5 செ.மீ. மூழ்குகிறது என்று எடுத்துக்கொண்டால் மட்டம் 6.08-க்கு ஏறுகிறது. மட்டம் 6.08-க்கு ஏறினால் குண்டு 5 செ.மீ. மட்டுமா மூழ்கியிருக்கும்? 6.08 செ.மீ. மூழ்கியிருக்கும். அப்போது தள்ளப்படும் நீரும் கூடும், மட்டம் இன்னும் ஏறும், ஏறிய மட்டம் குண்டை இன்னும் கொஞ்சம் மூடும். கிடைத்த மட்டத்தையே மறுபடி h ஆக வைத்து அதே கணக்கைப் போட்டுக்கொண்டே போங்கள்:

```
புதிய h = 5 + h²(18 − h) / 300

5 → 6.08 → 6.47 → 6.61 → 6.66 → 6.68 → … → 6.69
```

ஒவ்வொரு முறையும் ஏற்றம் சுருங்கி, 6.69-ஐத் தொட்டு நின்றுவிடுகிறது. உயர்வு 1.69 செ.மீ. நீங்கள் அளவுகோலில் கண்ட 1.7 அதுதான். உங்கள் கை அளவு மிக நன்றாக இருக்கிறது.

ஒரே சமன்பாடாக எழுத விரும்பினால், தண்ணீரின் கன அளவு மாறாது என்பதிலிருந்து தொடங்குங்கள். h உயரம் வரையுள்ள உருளையிலிருந்து குண்டின் மூழ்கிய துண்டைக் கழித்தால் மிஞ்சுவது நீங்கள் ஊற்றிய தண்ணீர், 500π:

```
100h − h²(18 − h)/3 = 500
h³ − 18h² + 300h − 1500 = 0
```

இது முப்படிச் சமன்பாடு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைத் தீர்க்கச் சொல்ல வேண்டாம். h = 6.6, 6.7 என்று போட்டுப் பார்த்து, குறி எங்கே மாறுகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னால் போதும்.

சூத்திரம் செல்லுமா செல்லாதா என்று முன்கூட்டியே அறிய வழி இருக்கிறது. முழுதும் மூழ்கியதாகவே நினைத்துப் புதிய மட்டத்தைக் கண்டுபிடியுங்கள். இங்கே 5 + 2.88 = 7.88. அது குண்டின் விட்டமான 12-ஐ எட்டவில்லை, ஆகவே அந்த நினைப்பே தவறு. உங்கள் பாத்திரத்தில் இந்தக் குண்டு மூழ்க வேண்டுமானால் முதலில் 12 − 2.88 = 9.12 செ.மீ. தண்ணீராவது இருந்தாக வேண்டும். 10 செ.மீ. ஊற்றிச் செய்து பாருங்கள், 2.88 அப்படியே வரும்.

பாடக் கணக்குகளில் 'முழுவதுமாக மூழ்குகிறது' என்ற சொற்றொடரை மாணவர்கள் படிக்காமல் தாண்டிப் போகிறார்கள். அந்தக் கணக்கின் உயிரே அதில்தான் இருக்கிறது. அதை எழுதாமல், தண்ணீரின் ஆழத்தையும் தராமல் வினா அமைப்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை.

மலர்விழி

10 செ.மீ. ஊற்றிச் செய்தேன். 12.9-க்குச் சற்றே கீழே நின்றது. மனம் நிறைந்தது அம்மா. வகுப்பில் இரண்டையும் அடுத்தடுத்துச் செய்து காட்டப் போகிறேன்.

ரஹீம்

தேன்மொழி அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். நான் மூழ்கிய நிலையை மட்டுமே நினைத்துப் பேசியிருந்தேன். அப்படியானால் விதி எளிது: குண்டு பெரிதாகப் பெரிதாக அது மூழ்க அதிகத் தண்ணீர் வேண்டும், சிறிய குண்டுகளுக்குக் கவலை இல்லை. சரிதானே?

தேன்மொழி

பாதி வரைதான் சரி ஐயா. குண்டு பெரிதானால் மூட வேண்டிய உயரம் கூடுகிறது, ஆனால் அது தள்ளுகிற தண்ணீரும் கூடுகிறது. மூழ்கத் தேவையான ஆழம் 2R − 4R³/(3r²). இதே பாத்திரத்தில் 6 செ.மீ. ஆரமுள்ள குண்டுக்கு 9.12, 7 செ.மீ. ஆரத்துக்கு 9.43. ஆனால் 9 செ.மீ. ஆரமுள்ள குண்டுக்கு 8.28 போதும்! பக்கவாட்டில் இடமே இல்லாததால் கொஞ்சம் தண்ணீரும் உயரமாக ஏறிவிடுகிறது.

ஆழம் உச்சத்தைத் தொடுவது R = r/√2 என்ற இடத்தில், இங்கே 7.07 செ.மீ. ஆகவே 9 செ.மீ. தண்ணீரில் உங்கள் 12 செ.மீ. விட்டக் குண்டு மூழ்காது, அதைவிடப் பெரிய 18 செ.மீ. விட்டக் குண்டு மூழ்கிவிடும். பாத்திரம் மட்டும் 19 செ.மீ. உயரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் வழிந்துவிடும்.

கதிர்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் உலோகக் கூம்பு ஒன்று இருக்கிறது, அடிப்பக்க ஆரம் 6 செ.மீ., உயரம் 12 செ.மீ. இதே 20 செ.மீ. பாத்திரம், இதே 5 செ.மீ. தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் உயர்வு எவ்வளவு? கன அளவு 144π, எனவே 1.44 என்று வருகிறது. கூம்பைத் தலைகீழாகப் பிடித்தாலும் கன அளவு மாறாதே, அதனால் விடையும் மாறாது என்று நினைக்கிறேன்.

தேன்மொழி

முழுதும் மூழ்கினால் நீங்கள் சொல்வது சரி, எப்படிப் போட்டாலும் 1.44. இங்கே 5 + 1.44 = 6.44 என்பது 12-க்கு வெகு கீழே இருக்கிறது, எனவே மூழ்காது. மூழ்காதபோது எந்தப் பக்கம் கீழே என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

அடிப்பக்கம் தரையில் பட, முனை மேலே இருந்தால் பருத்த பகுதி தண்ணீருக்குள் போகிறது. வெளியே நிற்கும் சிறு கூம்பின் கன அளவு π(12 − h)³/12, அதைக் கழித்துவிட வேண்டும்:

```
100h = 500 + 144 − (12 − h)³/12    →  h = 6.28
```

உயர்வு 1.28. முனை கீழே தரையைத் தொடும்படி கையில் பிடித்திருந்தால் தண்ணீருக்குள் போவது ஒல்லியான பகுதி மட்டும்:

```
100h = 500 + h³/12    →  h = 5.11
```

உயர்வு 0.11, வெறும் ஒரு மில்லிமீட்டர். ஒரே கூம்பு, ஒரே தண்ணீர், பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

இளங்கோ

முனை கீழே இருந்தால் கையை விட்டதும் கூம்பு சாய்ந்துவிடுமே. 'கூம்பைப் போட்டால்' என்று கணக்கு சொல்லும்போது உண்மையில் அது பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும். அப்போது?

தேன்மொழி

நல்ல கேள்வி. படுத்த கூம்பின் மிக உயரமான இடம், அடி வட்டத்தின் மேல் ஓரம். கதிரின் கூம்புக்கு அது தரையிலிருந்து 10.73 செ.மீ. ஆகவே 9.3 செ.மீ. தண்ணீர் இருந்தால் முழுதும் மூடிவிடும், உயர்வு 1.44. அதற்குக் குறைந்த தண்ணீரில், சாய்ந்த கூம்பைக் கிடைத்தளம் ஒன்று வெட்டும் துண்டின் கன அளவு வேண்டும். தொகையிடலில் அதைக் கணிக்கலாம், ஆனால் கோளத்துக்கு உள்ளதுபோல் கையடக்கமான சூத்திரமாக அது சுருங்காது. இன்னொரு சிக்கல்: கூம்பின் பக்கநீளம் 13.4 செ.மீ., பாத்திரத்தின் உள்விட்டம் 20 செ.மீ. இது படுக்கும். பாத்திரம் குறுகலாக இருந்தால் முனை சுவரில் சாய்ந்து நிற்கும், அந்தச் சாய்வையும் தனியே கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

கதிர்

கூம்பைப் படுக்க வைத்து 5 செ.மீ. தண்ணீரில் அளந்து பார்க்கிறேன். 0.11-க்கும் 1.28-க்கும் இடையில் வரும் என்று எதிர்பார்க்கலாமா?

தேன்மொழி

வரும் என்றே நினைக்கிறேன், ஆனால் கணிக்காமல் உறுதி சொல்ல மாட்டேன். அளவுகோலைவிட, தண்ணீர் ஊற்றும் முறையில் செய்யுங்கள்: கூம்பு கிடந்தபோது மட்டம் நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு, கூம்பை எடுத்துவிட்டு, அந்தக் குறி வரை அளந்து ஊற்றுங்கள். 100 மி.லி. என்பது இந்தப் பாத்திரத்தில் 3.2 மி.மீ. உயர்வு. கூம்பில் ஒட்டி வரும் தண்ணீரை உள்ளேயே உதறிவிடுங்கள்.