பிளக் கேஜில் நோ-கோ டாலரன்ஸ் எந்தப் பக்கம்? உதவுங்கள்

வணக்கம் அண்ணா, அக்கா. கோவை கணபதியில் சின்ன மெஷின் ஷாப் வைத்திருக்கிறேன். பம்ப்புக்கான வார்ப்பிரும்பு பாகத்தில் 25 H7 துளை போடுகிறோம். அதாவது 25.000 முதல் 25.021 மி.மீ. வரை. புது பிளக் கேஜுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும்.

துளையின் டாலரன்ஸ் 21 மைக்ரான். அதில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 2 மைக்ரானை, கேஜ் செய்பவருக்கு விடுகிறேன். கோ பக்கம் எனக்குக் குழப்பம் இல்லை: 25.000 முதல் 25.002 வரை. உள்ளே போய் வந்து தேயப்போவது அதுதான், அதனால் 25.002-ஐ ஒட்டியே செய்யச் சொல்வேன்.

சிக்கல் நோ-கோவில்தான். போன முறை 25.021 முதல் 25.023 வரை என்று கொடுத்தேன். வந்த கேஜ் 25.023 இருந்தது. 25.022 துளையில் அது நுழையவில்லை, நாங்களும் சரி என்று அனுப்பிவிட்டோம். பார்ட்டி ஏர் கேஜில் பார்த்து ஒரு லாட்டையே திருப்பிவிட்டார். தப்பு எங்கள் மேல்தான்.

இப்போது 25.019 முதல் 25.021 வரை என்று உள்பக்கம் தள்ளினால் கெட்ட துளை தப்பாது. ஆனால் கேஜ் 25.019-ல் வந்தால் 25.020 துளையிலும் நுழைந்துவிடும், நல்ல பாகம் கழிவாகும். அந்தத் துளைகளை மட்டும் போர் கேஜில் மறுபடி அளந்து முடிவு செய்யலாமா? கோ எந்த அளவுக்குத் தேய்ந்ததும் மாற்றுகிறீர்கள், சரியாக 25.000-லா, அதற்கு முன்பேவா? உங்கள் ஷாப்பில் செய்வதைச் சொல்லுங்கள்.